சிம்னி சொட்டினால் மோட்டார்தான் காரணமா?

தாளிக்கும் புகை கூடம்வரை வந்தது; அடுப்பின் மேல் பழுப்பு எண்ணெய் சொட்டியது. மோட்டார் போய்விட்டது என்றே நினைத்தேன். சிம்னியை ஓடவிட்டு, ஃபில்டருக்கு அடியில் ஒரு காகிதத்தை வைத்தேன். ஒட்டாமல் விழுந்தது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு, காகிதத்தை இறுகப் பிடித்துக்கொண்டு பார்த்தபோது ஓரளவு இழுத்தது. அப்படியானால் பாதிக் குற்றம் ஃபில்டருடையது.

ஸ்டீல் ஃபில்டரை வெந்நீர், பாத்திர சோப்பு, இரண்டு ஸ்பூன் சலவை சோடா கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தேன். அலுமினிய வலையாக இருந்தால் சோடா கூடாது, கறுத்துவிடும். எண்ணெய்க் கிண்ணமும் நிரம்பியிருந்தது. சொட்டியதற்கு அதுவும் காரணம்.

இழுவை இன்னும் முழுதாக வரவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக் விசிறியைக் கையால் சுற்றினார், தடையின்றிச் சுழன்றது. உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால் கெப்பாசிட்டரைச் சந்தேகிக்க வேண்டுமாம். பிறகு குழாயைக் கழற்றினார். வாயிலிருந்த சின்ன மூடி பிசுக்கில் ஒட்டி, பாதிதான் திறந்தது. போதாக்குறைக்குக் குழாய் தொட்டில்போல் தொய்ந்து, பள்ளத்தில் எண்ணெய் தேங்கியிருந்தது. மூடியைத் துடைத்து, குழாயை இழுத்து நேராக்கி மாட்டியதும் காகிதம் பட்டென்று ஒட்டிக்கொண்டது.