வெளிநாட்டு ஏ.டி.எம். கேட்கும் அந்தக் கேள்வி

செக் குடியரசின் தலைநகர் பிராக். சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் தெரு ஒன்றில் ஏ.டி.எம். முன்னால் ஈரோட்டுக்காரர் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கார்டைச் செருகியாயிற்று, பின் நம்பர் போட்டாயிற்று, 4,000 கொருனா என்று தொகையும் கொடுத்தாயிற்று. பணம் வரவேண்டிய நேரத்தில் திரை நிறைய எழுத்து வந்து நிற்கிறது. ஒரு பக்கம் பச்சையில் `ACCEPT CONVERSION`, இன்னொரு பக்கம் மங்கலாக `DECLINE CONVERSION`. நடுவில் ரூபாயில் ஒரு தொகை. அவருக்கு செக் மொழி தெரியாது. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இந்தியக் கார்டைப் பயன்படுத்துகிறவர்கள் பணம் இழக்கக்கூடிய இடம் இந்தத் திரை. கார்டு எந்த நாட்டு வங்கியுடையது என்பது இயந்திரத்துக்குத் தெரியும். ஆகவே, “உங்கள் கணக்கில் கொருனாவுக்குப் பதில் ரூபாயாகவே கழித்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்கிறது. கேட்பதற்கு நல்ல ஏற்பாடாகத் தெரியும். எவ்வளவு ரூபாய் போகும் என்று அப்போதே தெரிந்துவிடுகிறதே! ஆனால் அந்த மாற்று விகிதத்தை வைப்பது இயந்திரத்தை நடத்துகிறவர். அதில் அவருக்கான லாபமும் சேர்ந்திருக்கும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். வசதிக்காக ஒரு கொருனா 4 ரூபாய் என்று கொள்வோம். இயந்திரம் 4 ரூபாய் 50 காசு என்று சொன்னால், 4,000 கொருனாவுக்கு 18,000 ரூபாய் போகும். மறுத்துவிட்டால் கார்டு நிறுவனமான விசாவோ மாஸ்டர்கார்டோ தன் விகிதத்தில் மாற்றும். அது சந்தை விலைக்கு நெருக்கமாகவே இருக்கும். 16,000 ரூபாய் ஆகிறது என்று வைத்தால், அதன்மேல் நம் ஊர் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் போடும். அது 3.5 சதவீதம் என்றால் 560 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 101 ரூபாய். மொத்தம் 16,661. ஒரே பட்டனில் 1,339 ரூபாய் வித்தியாசம். ஏ.டி.எம்.முக்கென்று இரு தரப்பும் பிடிக்கும் நிலையான கட்டணம் இந்தக் கணக்கில் இல்லை. மறுப்பதால் அது குறைந்துவிடாது.

இவ்வளவு தெரிந்தும் பலர் பச்சைப் பட்டனையே அழுத்திவிடுகிறார்கள். மறுத்தால் பணமே வராது என்ற பயம்தான் காரணம். பயத்துக்கு நியாயமும் உண்டு. கணக்கில் பணம் இல்லாதபோதும் இயந்திரம் `DECLINED` என்றுதானே காட்டுகிறது! ஆனால் இந்தத் திரையில் மறுப்பது ரூபாய்க்கு மாற்றுவதை மட்டும்தான். கேட்ட 4,000 கொருனா அப்படியே வெளியே வரும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேற வேண்டுமென்றால் அதற்குக் கீழே எண் பலகையில் தனியாக ஒரு சிவப்பு விசை இருக்கிறது. பெரும்பாலும் அதன்மேல் பெருக்கல் குறி இருக்கும்.

ஈரோட்டுக்காரருக்கு உதவி ஊரிலிருந்தே கிடைக்கும். திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் மகளுக்கு அனுப்பினால் போதும். ஆனால் அந்தப் படத்தை எடுப்பதிலும் பதில் சொல்வதிலும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

படத்தில் எழுத்து மட்டும் விழுந்தால் போதாது. திரையின் நான்கு ஓரங்களும் இரு பக்கமும் உள்ள பட்டன் வரிசையும் தெரிய வேண்டும். இல்லையென்றால் எந்தப் பட்டன் என்று அங்கிருந்து சொல்ல முடியாது. கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரிகளில்தான் மாற்று விகிதமும் `MARK-UP` என்ற லாபச் சதவீதமும் இருக்கும் என்பதால் அவையும் வேண்டும். நேராக நின்று எடுத்தால் கண்ணாடியில் தெருவும் நம் முகமும் பிரதிபலிக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் நின்றால் அது குறையும். பின் நம்பர் கேட்கும் திரை வரும்போது கைபேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். கார்டின் எண்ணும் எந்தப் படத்திலும் விழக்கூடாது. பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர் உதவ வந்தால், “வேண்டாம்” என்று சொல்லிவிடுவதே நல்லது.

அடுத்தது நேரம். இயந்திரம் ரொம்ப நேரம் காத்திருக்காது. இன்னும் அவகாசம் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, பதில் இல்லையென்றால் கார்டைத் திருப்பித் தந்துவிடும். அப்படி நடந்தால் பதற வேண்டியதில்லை. இந்தத் திரையோடு நின்றுபோனால் பணமும் எடுக்கப்படவில்லை, கணக்கிலும் கழியாது. வெளியே வந்த கார்டை உடனே எடுத்துக்கொள்வதுதான் முக்கியம். அப்படியே விட்டால் இயந்திரம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடும். முதல் தடவை படம் எடுப்பதற்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு சிவப்பு விசையை அழுத்தி வெளியேறிவிடலாம். ஓரமாகப் போய் நின்று, மகளின் பதிலை நிதானமாகக் கேட்டுவிட்டு இரண்டாம் தடவை வருவது இன்னும் நல்லது.

அந்தப் பதில் எப்படி இருக்க வேண்டும்? திரையில் உள்ள அத்தனை வரிகளையும் தமிழாக்கி அனுப்பினால் அப்பாவுக்குப் படிக்க இன்னொரு நீண்ட கடிதம் கிடைக்கும். எதை அழுத்துவது என்பது மட்டும் தெரியாது. விளக்கம் தமிழில் இருக்கட்டும். ஆனால் பட்டனின் பெயரைத் தமிழாக்காமல் திரையில் உள்ள எழுத்திலேயே அனுப்ப வேண்டும். அப்போதுதான் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும். குரல் பதிவில் இப்படிச் சொன்னால் போதும்:

“அப்பா, ரூபாயிலேயே கழிச்சுக்கட்டுமான்னு கேக்குது. வேண்டாம்னு சொல்லணும். வலது பக்கம் கீழ இருக்கிற பட்டன். அதுல என்ன எழுதியிருக்கும்னு தனியா அனுப்பியிருக்கேன், பார்த்துக்கோங்க. காசு கண்டிப்பா வரும். சில மிஷின்ல மறுபடியும் ஒரு தடவை கேக்கும். அப்போ பட்டன் இடம் மாறி இருக்கலாம். இடத்தைப் பார்க்காதீங்க, எழுத்தைப் பாருங்க.”

அந்த இரண்டாவது கேள்வி பற்றிய எச்சரிக்கை தேவையானதுதான். சில இயந்திரங்கள், “மறுத்தால் உங்கள் வங்கி எந்த விகிதத்தில் கழிக்கும் என்று எங்களால் சொல்ல முடியாது” என்கிற தோரணையில் இன்னொரு திரையைக் காட்டும். அங்கே பட்டனின் வாசகமும் `CONTINUE WITHOUT CONVERSION` என்று மாறியிருக்கலாம். ஆகவே அந்த வாசகத்தையும் மகள் முன்கூட்டியே அனுப்பிவைத்தால் நல்லது.

கட்டணத் திரை வேறு, இது வேறு. இயந்திரத்தைப் பயன்படுத்துவதற்கு இத்தனை கொருனா கட்டணம் என்று ஒரு திரை தனியாக வரலாம். அதை மறுத்தால் பணம் வராது. கட்டணம் அதிகம் என்று தோன்றினால் அங்கே வெளியேறி, பக்கத்தில் உள்ள வேறு வங்கியின் ஏ.டி.எம்.முக்குப் போவதுதான் வழி.

இந்த இரண்டு திரைகளும் வராமலேயே இயந்திரம் மறுத்துவிட்டால் கோளாறு பெரும்பாலும் நம் பக்கம்தான். ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். வங்கியின் செயலியில் போய் வாடிக்கையாளர்தான் அதைத் திறந்துவிட வேண்டும்.

சரியான பட்டனைத்தான் அழுத்தினோமா என்பதை ரசீதில் பார்த்துவிடலாம். அதில் கொருனாத் தொகை மட்டும் இருந்தால் மாற்றம் நடக்கவில்லை. ரூபாய்த் தொகையும் ஒரு விகிதமும் அச்சாகியிருந்தால் மாற்றம் நடந்துவிட்டது என்று பொருள். கேட்காமலேயே அப்படிச் செய்திருந்தால் அது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிகளுக்கும் முரணானது. தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்கே. ரசீதோடு ஊரில் உள்ள வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். தானே பச்சையை அழுத்தியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.