சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வீங்கும் தாடை

சாப்பிட உட்கார்ந்து இரண்டு வாய் எடுத்ததும் ஒரு பக்கத் தாடைக்கு அடியில் வீக்கம் எழும்புகிறது. ரசமோ ஊறுகாயோ இருந்தால் இன்னும் மோசம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக வடிந்துவிடுகிறது. அடுத்த வேளைக்கு மறுபடியும் வருகிறது. சொத்தைப் பல்தான் காரணம் என்று பலர் நினைப்பார்கள். பெரும்பாலும் அது உமிழ்நீர்க் குழாயில் சிக்கிய கல். இந்தக் கற்களில் ஏறக்குறைய 80 சதவீதம் தாடைக்குக் கீழே உள்ள சுரப்பியில்தான் வருகின்றன. அதற்கான காரணம் அந்தச் சுரப்பியின் அமைப்பிலேயே இருக்கிறது.

பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னால் கன்னச் சுரப்பி. பொன்னுக்கு வீங்கி வந்தால் புடைப்பது இதுதான். அடுத்தது தாடைக்கீழ்ச் சுரப்பி. மூன்றாவது, நாக்குக்கு அடியில் உள்ள நாவடிச் சுரப்பி. மூன்றுமே திராட்சைக் கொத்து போன்றவை. பழங்களின் இடத்தில் உமிழ்நீரைச் சுரக்கும் ‘அசினஸ்’ என்ற செல் உருண்டைகள். காம்புகளின் இடத்தில் குழாய்கள்.

மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், செல்களில் இரண்டு வகை பளிச்சென்று பிரிந்து தெரியும். ஒன்று, தண்ணீர் போன்ற உமிழ்நீரைச் சுரப்பது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் இதில் உருவாகிறது. புரதம் தயாராகும் அடிப்பகுதி அடர் ஊதாவாகவும், உட்கரு உருண்டையாகவும் இருக்கும். மற்றது, கொழகொழப்பான சளிநீரைச் சுரப்பது. வழக்கமான சாயம் இதில் சரியாக ஒட்டாது என்பதால் செல் வெளிறிக் கிடக்கும். உட்கரு அடியில் தட்டையாக ஒடுங்கியிருக்கும். பெரியவர்களின் கன்னச் சுரப்பியில் ஏறக்குறைய எல்லாமே முதல் வகை. நாவடிச் சுரப்பியில் சளி வகைக்கே பெரும்பான்மை. தாடைக்கீழ்ச் சுரப்பியில் நீர் வகை அதிகம் என்றாலும் இரண்டும் கலந்திருக்கும்.

அப்படிக் கலந்த இடங்களில் சளி அசினஸின் தலையில் நீர்ச் செல்கள் பிறை வடிவில் கவிந்திருப்பதாகப் பாடநூல்கள் நெடுங்காலமாகப் படம் போட்டு வருகின்றன. திசுவை நொடிப்பொழுதில் உறையவைத்துப் பார்த்தபோது வேறு காட்சி தெரிந்தது: இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வழக்கமான முறையில் திசுவைப் பதப்படுத்தும்போது சளிச் செல்கள் உப்பி, நீர்ச் செல்களை வெளியே நெருக்கித் தள்ளுகின்றன. பிறை அப்படி வந்ததுதான். ஆனாலும் தேர்வில் மாணவர்கள் அதை வரைந்துதான் ஆகவேண்டும்!

அசினஸ் சுரக்கும் நீர் முதலில் ரத்தத்தைப் போலவே உப்பாக இருக்கும். வழியில் உள்ள வரிக்குழாய்களின் செல்கள் சோடியத்தையும் குளோரைடையும் உறிஞ்சிக்கொள்கின்றன. தண்ணீரை மட்டும் எளிதில் விடுவதில்லை. எச்சில் நாக்குக்கு உப்புக் கரிக்காமல் இருப்பது இதனால்தான்.

கடைசியாக வாய்க்குள் திறக்கும் பெருங்குழாய்கள். கன்னச் சுரப்பியின் குழாயை 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்தபோது கண்டவர் நீல்ஸ் ஸ்டென்சன். அது மேல்வரிசையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேராகத் திறக்கிறது. நாவடிச் சுரப்பிக்குப் பல சிறு குழாய்கள் உண்டு. தாடைக்கீழ்ச் சுரப்பியின் குழாய்க்கு, 1656இல் அதை விவரித்த தாமஸ் வார்ட்டனின் பெயர். சுமார் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள இது, வாயின் அடித்தளத் தசையின் பின்விளிம்பைச் சுற்றி வளைந்து, மேல்நோக்கி ஏறி, நாக்கின் அடிநரம்புக்குப் பக்கத்தில் குறுகலான வாயில் திறக்கிறது.

இப்போது கல்லுக்கு வருவோம். இந்தச் சுரப்பியின் உமிழ்நீரில் சளி கலந்திருக்கிறது. கால்சியமும் காரத்தன்மையும் கன்னச் சுரப்பியினுடையதைவிடக் கூடுதல். அது வளைந்த குழாயில் புவியீர்ப்புக்கு எதிராக ஏற வேண்டும். தேங்கிய சளியில் கால்சியம் பாஸ்பேட் படியப் படியக் கல் வளர்கிறது. சாப்பிடும்போது சுரப்பு பெருகும், வழி அடைபட்டிருக்கும், சுரப்பி புடைக்கும்.

மருத்துவர் நாக்கின் அடியைத் துடைத்துவிட்டு, தாடைக்கு அடியிலிருந்து சுரப்பியை அமுக்கிப் பார்ப்பார். தெளிந்த நீர் வந்தால் நல்லது. சீழ் வந்தால் தொற்று. ஒரு விரலை வாய்க்குள்ளும் மற்ற கையைத் தாடைக்கு அடியிலும் வைத்துத் தடவினால் கல் தட்டுப்படலாம். எல்லாக் கற்களும் எக்ஸ்ரேயில் விழுவதில்லை என்பதால் ஸ்கேனும் எடுப்பதுண்டு. வாயருகே உள்ள சிறு கல், நிறையத் தண்ணீர் குடித்து, புளிப்பாக எதையாவது சப்பி, சுரப்பியைப் பின்னிருந்து முன்னாக நீவிவிட்டாலே வெளியே வந்துவிடலாம். சற்றுப் பெரியதாக இருந்தால் வாய்க்குள்ளேயே குழாயைக் கீறி எடுப்பார்கள். கீறிய இடத்தை இறுக்கித் தைத்தால் குழாய் சுருங்கிவிடும் என்பதால் பெரும்பாலும் அதைத் திறந்தே விடுகிறார்கள். சுரப்பிக்குள்ளேயே ஆழமாகப் புதைந்த கல்தான் சிக்கல். அடைப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அசினஸ்கள் வாடி, அந்த இடத்தை நார்த்திசு பிடித்துக்கொள்ளும். அப்போது சுரப்பியையே எடுக்க வேண்டிவரலாம். ஆனால் அடைப்பு நீங்கியதும் மறுபடியும் சுரக்கத் தொடங்கும் சுரப்பிகளும் நிறைய உண்டு. அதனால் அகற்றும் முடிவுக்கு மருத்துவர்கள் இப்போது அவசரப்படுவதில்லை.