சுவரில் நிற்கும் முதல் தாள்

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வீதியில், உள்ளே கிளை பிரியும் ஒரு தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். அங்கே வாசிகசாலையின் வெளிச்சுவரில் கைப்பத்திரிகை ஒன்று ஒட்டுகிறோம். மாதம் இரண்டு தாள் வரும், பழையது கழற்றப்படும். ஆனால் இடது மூலையில் ஒரு தாள் மட்டும் எப்போதும் இருக்கும். “இந்தச் சுவரில் என்ன எழுதுவோம், எப்போது எழுதுவோம், என்ன எழுதமாட்டோம்” என்று 2021இல் ஆணியடித்து மாட்டிய முதல் தாள் அது. நாங்கள் எழுதியவற்றில் அதிகம் வாசிக்கப்பட்டதும் அதிகத் திருத்தம் கண்டதும் அந்தத் தாள்தான்.

வாசகனிடம் முதலிலேயே வாக்குக் கொடுப்பது தமிழ்ப் பத்திரிகைகளில் பழைய வழக்கம். 1841 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய உதயதாரகை, கல்வி, அறிவியல், இலக்கியம், விவசாயம், அரசாட்சி, சமயம், சுருக்கமான செய்தி என்று தன் பொருள்களை முகப்பிலேயே சொல்லிவிட்டது. பாரதி 1906இல் நடத்தத் தொடங்கிய ‘இந்தியா’வில் சந்தா விவரமே ஓர் அறிமுகம். அரசாங்கத்தாருக்கு 50 ரூபாய், ஜமீன்தார்களுக்கும் ராஜாக்களுக்கும் 30 ரூபாய், சாதாரண மனிதர்களுக்கு 3 ரூபாய். அந்த வரிகளை வாசித்தவனுக்கு இது யாருடைய பத்திரிகை என்று வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

எங்கள் ஊருக்கு நெருக்கமான கதை கோ. நடேசய்யருடையது. தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால் வெளியாள் உள்ளே கால்வைத்தால் அத்துமீறல் வழக்கு வரும் காலம் அது. அவர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார் என்று சொல்வார்கள். அவருடைய ‘தேசபக்தன்’ பத்திரிகை தொடங்கியது 1924இல். பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்ததும் அதே ஆண்டுதான். ஆள் நுழைய முடியாத இடத்துக்குத் தாள் போகும். ஆனால் ஒருவர் உரக்க வாசிக்க நாலு பேர் உட்கார்ந்து கேட்கும் லயத்துக்குள் போகிற தாள், முதல் வாசிப்பிலேயே தன்னை யாரென்று சொல்லியாக வேண்டும்.

இதை நாங்கள் தவறு செய்துதான் கற்றோம். முதல் தாளின் முதல் வரைவில், “மலையக மக்களின் எழுச்சிக் குரலாக, எல்லாச் செய்திகளையும் உடனுக்குடன் தருவோம்” என்று எழுதியிருந்தோம். ஒட்டுவதற்கு முன், ஓய்வுபெற்ற கொழுந்துக்காரியான ஒரு பாட்டியிடம் வாசித்துக் காட்டினோம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தாம்பா இருக்கு. சம்பளத் துண்டுல என்னத்த வெட்டுறாங்கன்னு சொல்லுவீங்களா, அத எழுது.” வரைவைக் கிழித்தோம்.

புதிய தாளில் முதல் வாக்கு அதுவே ஆனது. தோட்டத்தில் சம்பளம் 10ஆம் தேதி, அட்வான்ஸ் 25ஆம் தேதி வாக்கில். ஆகவே தாளும் 11ஆம் தேதியும் 26ஆம் தேதியும் வரும் என்று எழுதினோம். கையில் துண்டோடு ஆட்கள் நிற்கும் நாளில் சுவரிலும் கணக்கு இருக்க வேண்டும்.

2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆகியிருந்தது. முதல் கணக்காக நாங்கள் போட்டது இது. ஓர் அக்கா மாதத்தில் 18 நாள் மலைக்குப் போகிறார். 15 நாள் முழுப் பேர். கொழுந்து நிறை குறைந்த 3 நாள் அரைப் பேர். ஆக 15,000உம் 1,500உம் சேர்ந்து 16,500 ரூபாய். இதில் ஈ.பி.எப்.புக்காக அவரிடமிருந்து வெட்டக்கூடியது நூற்றுக்கு 8, அதாவது 1,320. தோட்டம் தன் கையிலிருந்து போடவேண்டியது நூற்றுக்கு 12, அதாவது 1,980. இரண்டும் சேர்ந்து 3,300 ரூபாய் அவர் பெயரில் போக வேண்டும். ஈ.டி.எப்.புக்கான நூற்றுக்கு 3, அதாவது 495 ரூபாயும் தோட்டத்தின் பொறுப்பு. துண்டில் வெட்டு என்ற பக்கத்தில் 1,320க்குப் பதில் 3,300 இருந்தால், தோட்டம் கட்டவேண்டிய பங்கையும் தொழிலாளியிடமே எடுத்துவிட்டார்கள் என்று பொருள்.

இதற்குக் கீழே எங்களால் முடியாததையும் எழுதினோம். பேர் எத்தனை என்ற எண் தவறாக இருந்தால் எங்கள் கணக்கு உதவாது. அதைப் பிடிக்க ஒரே வழி, வீட்டு நாட்காட்டியில் தினமும் தானே குறித்துவைப்பது: முழுப் பேருக்கு ஒரு கோடு, அரைக்கு ஒரு புள்ளி. மடுவத்தில் நிறுக்கும்போது கழித்த கிலோ நியாயமா என்பதைச் சுவரில் தீர்க்க முடியாது. அதற்குத் தொழிற்சங்கத்தையும் தொழில் திணைக்களத்தையும்தான் பார்க்க வேண்டும். இதை வெளிப்படையாக எழுதியதால் வாசகர் குறையவில்லை. குறித்துவைத்த நாட்காட்டியோடு வருகிறவர்கள்தான் கூடினார்கள்.

இரண்டாவது வாக்கு மழை. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம், குடியிருப்பவர்களை வேறிடம் மாற்ற வேண்டும் என்று அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள், ஏனென்றால் போக வேறு வீடு இல்லை. சுவர்த்தாள் வீடு கட்டித் தராது. ஆனால் எந்த இரவில் லயத்தைவிட்டுப் பாடசாலைக்குப் போகவேண்டும் என்று சொல்லலாம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையை அளந்துதான் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் புறப்படத் தயார், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலும் வெளியேற வேண்டியதுதான். இதைத் தாளில் பெரிய எழுத்தில் வைத்தோம்.

இங்கேதான் எங்கள் பெரிய பிழை நடந்தது. ஒரு நவம்பரில் ஒட்டிய எச்சரிக்கை, மழை விட்டு மூன்று நாளாகியும் சுவரில் இருந்தது. நாலாம் நாள் மறுபடி மழை பிடித்தபோது புதிதாக ஒட்டியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. “அது அன்னைக்கு ஒட்டுனதுதானே” என்றார்கள். நல்லவேளை, எங்கள் மேட்டில் ஒன்றும் ஆகவில்லை. அதன்பின் முதல் தாளில் ஒரு வரி சேர்ந்தது: எந்த எச்சரிக்கையிலும் ஒட்டிய நேரமும் கழற்றும் நேரமும் இருக்கும், நேரமில்லாத எச்சரிக்கை எங்களுடையதல்ல. நிறுவனத்தின் எச்சரிக்கைகள் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கே. அந்த நேரம் முடிந்ததும் ஒருவர் போய்க் கழற்றுவார், எச்சரிக்கையை நீட்டித்திருந்தால் புதியதை ஒட்டுவார். கழற்றுகிறவர் யார் என்று பெயரும் தாளில் உண்டு.

எழுதமாட்டோம் என்ற பகுதி சிறியது. குடும்பச் சண்டை, யார் யாரோடு போனார்கள், யாருக்குக் கடன் எவ்வளவு, இவை இல்லை. முதல் மாதத்தில் எழுதச் சொல்லி வந்த துண்டுச் சீட்டுகளில் பாதி இப்படிப்பட்டவைதான். இந்த வரி முன்பே சுவரில் இருந்ததால், யாருடைய முகத்தையும் முறிக்காமல் அவற்றைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது.

சாரல் பட்டு மை கரைந்து அந்தத் தாளை மூன்று முறை திரும்ப எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் செய்ய முடியாமற்போன ஒரு வாக்கை எடுத்துவிட்டு, எடுத்தோம் என்பதையும் கீழே எழுதுகிறோம். ஊவாவின் வேறு தோட்டங்களிலும் இளைஞர்கள் இப்படித் தொடங்கக் கேட்கிறார்கள். தொடங்குங்கள் தம்பிகளே, தங்கச்சிகளே. ஒட்டுவதற்கு முன், உங்கள் முதல் தாளை மலையிலிருந்து இறங்கி வரும் ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் கேட்கிற முதல் கேள்விக்குப் பதில் அதில் இல்லையென்றால், அன்றிரவே திருப்பி எழுதுங்கள்.