மூன்றில் ஒன்றைத் தேடும் மடிப்பு

'எல்லை' என்ற கணக்குக் கருத்தைக் காட்ட, தாளைப் பாதி, பாதியில் பாதி என்று மடிக்கச் சொல்வது வழக்கம். ஆறேழு மடிப்பில் தாள் கட்டையாகிவிடும். பிள்ளைகள் மனதில் தாளின் தடிமன் நிற்கும், கணக்கு நிற்காது.

அதைவிட நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. ஜப்பானிய ஒரிகாமி கலைஞர் ஷூசோ ஃபுஜிமோட்டோவின் பெயரால் வழங்கும் மடிப்பு முறை அது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பீரியட் போதும்.

ஆளுக்கொரு காகிதப் பட்டை கொடுங்கள்: 24 செ.மீ. நீளம், இரண்டு விரல் அகலம். ஸ்கேல் இல்லாமல், இடப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு எங்கே வரும் என்று கண்மதிப்பில் குறிக்கட்டும். சரியான இடம் 8 செ.மீ. ஒரு பிள்ளை 10-இல் குறித்ததாக வைத்துக்கொள்வோம். பிழை 2 செ.மீ.

இப்போது வலது முனையைக் குறியின்மேல் வைத்து, விளிம்பில் மட்டும் லேசாகக் கிள்ளிவிட்டுப் பிரிக்க வேண்டும். முழு மடிப்பாக அழுத்தினால் பின்னால் எது எந்தக் கோடு என்று குழம்பும். கிள்ளிய இடம் 17. மூன்றில் இரண்டு பங்கு 16-இல் இருப்பதால் பிழை 1 செ.மீ.தான். அடுத்து இடது முனையை 17-இன்மேல் வைத்தால் மடிப்பு 8.5-இல் விழும். மறுபடி வலது முனை: 16.25. மறுபடி இடது: 8.125.

காரணம் எளிது. மடிப்பு விழுவது குறிக்கும் முனைக்கும் நட்டநடுவில். முனை நகராது, குறி 2 செ.மீ. தள்ளியிருந்தால் நடுப்புள்ளி 1 செ.மீ. மட்டுமே தள்ளும். அதனால் ஒவ்வொரு மடிப்பிலும் பிழை பாதியாகிறது. முதலில் குறித்தது எவ்வளவு தப்பாக இருந்தாலும் சரி.

முனைகளை மாற்றி மாற்றி மடிக்க மறந்தவரை எளிதில் கண்டுபிடிக்கலாம். வலது முனையையே திரும்பத் திரும்ப மடித்தால் கோடுகள் 17, 20.5, 22.25 என்று ஓரத்தை நோக்கி ஓடும். அதையும் திட்டாமல் பலகையில் எழுதுங்கள். அதுவும் ஓர் எல்லையை நோக்கித்தான் போகிறது.

பாடத்தின் உயிர் அடுத்த கேள்வியில் இருக்கிறது. பிழை 1 மி.மீ.க்குள் வர எத்தனை மடிப்பு வேண்டும்? 10-இல் தொடங்கியவருக்கு ஐந்து. 3-இல் தொடங்கியவருக்கு ஆறு. அரை மி.மீ. என்றால் இன்னும் ஒன்று. காகிதம் இதற்குமேல் ஒத்துழைக்காது, கிள்ளிய தடத்துக்கே அவ்வளவு அகலம் உண்டு. இனி நோட்டில் தொடரட்டும். நான் எவ்வளவு சிறிய பிழையைக் கேட்டாலும் நீ ஒரு மடிப்பு எண்ணிக்கை சொல்ல முடியுமா? முடியும் என்று வகுப்பு உறுதியாகச் சொன்னால், எல்லையின் வரையறையே வந்துவிட்டது.

நேரம் மிஞ்சினால், இடது முனையையே முதல் குறியாக வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள். இடப்பக்கக் கோடுகள் 6, 7.5, 7.875 என்று வரும். முதலில் 6 கூடியது, பிறகு 1.5, பிறகு 0.375, ஒவ்வொன்றும் முந்தையதில் கால்வாசி. முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் எங்கே போய்ச் சேரும் என்பதை, தொடர்களின் சூத்திரம் அறியாத பிள்ளையும் பட்டையைப் பார்த்தே சொல்லிவிடும்.