இதழாசிரியரின் பார்வைக்கு மட்டும்

சென்ற ஆண்டு ஓர் ஆய்விதழிலிருந்து மதிப்பாய்வுக்காக எனக்கு ஒரு கட்டுரை வந்தது. பால்மரத் தோட்டங்களை விட்டு ஈப்போ சுற்றுவட்டாரத்தில் குடியேறிய முதியவர்களின் இரத்த அழுத்தத்தைப் பற்றியது. நானும் பேராக் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் வளர்ந்தவன் என்பதால் ஆவலோடு படித்தேன். இரண்டாம் அட்டவணையில் கண் நின்றுவிட்டது. இதை எங்கோ பார்த்திருக்கிறேனே!

தேடினேன். அதே ஆய்வாளர்கள் முந்தைய ஆண்டு வேறோர் இதழில் எழுதிய கட்டுரை கிடைத்தது. தலைப்பும் முன்னுரையும் வேறு. ஆனால் பங்கேற்றோர் எண்ணிக்கை ஒன்றே. சராசரி வயது தசம இலக்கம் வரை ஒன்றே. அளவெடுக்க மறுத்தவர்கள்கூட இரண்டிலும் மூவர்தான். ஆய்வு முறையை விளக்கும் வரிகள் ஒத்திருந்தால் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஒரே கருவியை எத்தனை விதமாக விவரிக்க முடியும்? முடிவுகளே ஒத்திருந்து, பழைய கட்டுரை மேற்கோள் பட்டியலிலும் இல்லையென்றால் இரட்டை வெளியீடோ என்ற சந்தேகம் எழத்தான் செய்யும்.

மதிப்பாய்வுப் படிவத்தில் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்றில் எழுதுவது கட்டுரையாளருக்குப் போகும். மற்றது இதழாசிரியருக்கு மட்டும். இரண்டாவதில் இப்படி எழுதினேன்:

“இக்கட்டுரையின் 2ஆம் அட்டவணையும், இணைத்துள்ள கட்டுரையின் 3ஆம் அட்டவணையும் ஒரே தரவைக் காட்டுவதாகத் தோன்றுகிறது. முந்தைய கட்டுரை மேற்கோள் காட்டப்படவில்லை. கட்டுரையாளர்கள் தங்களிடம் தெரிவித்தார்களா என்பதை நான் அறியேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.”

‘மோசடி’ என்ற சொல்லை நான் எழுதவில்லை. கட்டுரையோடு வரும் முகப்புக் கடிதம் பெரும்பாலும் மதிப்பாய்வாளர் கைக்கு வராது. அதில் அவர்கள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரு இதழாசிரியர்களும் சம்மதித்து, மூலக் கட்டுரையைக் குறிப்பிட்டால் இன்னொரு மொழியில் மறுபடி வெளியிடவும் இடமுண்டு. கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்பது இதழாசிரியரின் வேலை; நான் நேரே மின்னஞ்சல் அனுப்பக்கூடாது.

ஒரே கட்டுரை இருமுறை வந்தால் யாருக்கு நட்டம் என்று கேட்பீர்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சோதனைகளை மார்ட்டின் ட்ராமேர் குழுவினர் ஒன்றாகத் திரட்டி, 1997இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். நோயாளிகளின் தரவில் 28 விழுக்காடு திரும்ப வந்தவை. அதுவும் மருந்து நன்றாக வேலை செய்ததாகக் காட்டிய சோதனைகளே அதிகம் திரும்ப வந்திருந்தன. அவற்றையும் சேர்த்துக் கூட்டியபோது மருந்தின் பலன் 23 விழுக்காடு மிகையாகத் தெரிந்தது. பெயர்களையும் வரிசையையும் மாற்றி வெளியிட்டால், திரட்டுபவர் அதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

என் குறிப்புக்குச் சில வாரங்களில் பதில் வந்தது. முதியவர்கள் அதே ஆட்கள்தான் என்று கட்டுரையாளர்கள் ஒப்புக்கொண்டார்களாம். மருந்து உட்கொள்ளும் பழக்கத்தைப் பற்றிய பகுதி மட்டுமே புதியது. அதை மட்டும் வைத்து, பழைய கட்டுரையைக் குறிப்பிட்டுத் திருத்தி எழுதும்படி இதழாசிரியர் திருப்பி அனுப்பினார். திருத்திய கட்டுரை மறுபடி என்னிடமே வந்தது. பாதியாகக் குறைந்திருந்தது.