பத்து அரங்கில் பாட்டிக்கு வழி

சிங்கப்பூர் எக்ஸ்போவில் 10 அரங்குகள். நாட்டின் அதிகாரபூர்வ மொழிகள் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு. நான்கையும் ஒரே பலகையில் அடைத்தால் எழுத்து சிறுத்துவிடும்; தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் முதலில் நெருக்கப்படுவது தமிழ்தான். மூன்று மீட்டர் தொலைவுக்கு இரண்டரை சென்டிமீட்டர் உயர எழுத்து என்பது பலகை எழுதுவோரின் பொதுக் கணக்கு. அதன்படி முப்பது மீட்டருக்கு 25 சென்டிமீட்டர் தேவை. எனவே தொலைவிலிருந்து தெரிய வேண்டியது அரங்கின் எண் மட்டுமே. மொழிகள் அதன் கீழே, அருகில் வந்து படிக்கும் அளவில் இருந்தால் போதும்.

பலகையால் முடியாததும் உண்டு. முதிய சீனர் பலர் ஹொக்கியன், கான்டனீஸ் பேசி வளர்ந்தவர்கள். எழுத்தறியாதவரும் அவர்களில் உண்டு. அவர்களுக்குத் தொண்டரின் வாய்ச்சொல்தான் வழி. பேசும் மொழியைத் தொண்டரின் சட்டையில் எழுதினால் படிக்கத் தெரியாதவருக்கு உதவாது; அவரே முந்திக்கொண்டு பேச்சுக் கொடுக்க வேண்டும்.

தொண்டர் நிற்க வேண்டிய இடம் தகவல் மேசை அல்ல, பாதை பிரியும் இடம். முதியவர்கள் நின்று திரும்பிப் பார்க்கும் இடத்தை ஒரு மணி நேரம் கவனித்தாலே அது தெரிந்துவிடும்.