வளர்ச்சி ஒரு கணக்கு, பங்கு வேறு கணக்கு

2011 மார்ச் 31 அன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதற்கட்ட முடிவுகள் வெளியாயின. நாட்டின் மக்கள்தொகை 121 கோடி என்பது மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் தலைப்புச் செய்தி. அந்தச் செய்திகளுக்குள் இரண்டு சதவீதங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று 17.64, மற்றொன்று 17.5. அவசரமாகப் படித்தவருக்கு ஒரே எண்ணைத்தான் இரண்டு இடத்தில் கொஞ்சம் மாற்றி அச்சிட்டுவிட்டார்களோ என்று தோன்றியிருக்கும்.

உண்மையில் அந்த இரண்டு எண்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 17.64 என்பது வளர்ச்சி. 2001-இல் இருந்த இந்தியாவோடு 2011-இன் இந்தியாவை ஒப்பிட்டு, பத்தாண்டில் எவ்வளவு கூடியது என்று சொல்கிறது. 17.5 என்பது பங்கு. அந்த நேரத்தில் உலகில் வாழ்ந்த மக்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இந்தியாவில் இருந்தார்கள் என்று சொல்கிறது. முதல் கணக்கில் நேற்றைய இந்தியாவால் வகுக்கிறோம். இரண்டாவதில் இன்றைய உலகத்தால் வகுக்கிறோம். விடைகள் அருகருகே வந்தது தற்செயல்.

செய்தியில் ஒரு சதவீதத்தைக் கண்டதும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எதால் வகுத்தார்கள்? பழைய அளவால் வகுத்திருந்தால் அது உயர்வு அல்லது சரிவு. மொத்தத்தால் வகுத்திருந்தால் அது பங்கு. இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே கணக்கெடுப்பில் தமிழ்நாடே நல்ல சான்று. 2001-இல் 6.24 கோடியாக இருந்த மாநிலத்தின் மக்கள்தொகை 2011-இல் 7.21 கோடி ஆனது. ஏறத்தாழ 97 லட்சம் பேர் கூடுதல். வளர்ச்சி 15.6 சதவீதம். ஆனால் நாட்டின் மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 6.07 சதவீதத்திலிருந்து 5.96 ஆகக் குறைந்தது.

ஆட்கள் கூடியபோது பங்கு எப்படிக் குறையும்? நாடு முழுவதும் 17.64 சதவீதம் வளர்ந்த காலத்தில் தமிழ்நாடு 15.6 சதவீதம்தான் வளர்ந்தது. மொத்தத்தைவிட மெதுவாக வளரும் எதற்கும் பங்கு சுருங்கும். பீகார் அதே பத்தாண்டில் சுமார் 25 சதவீதம் வளர்ந்தது. அதன் பங்கு 8.07-லிருந்து 8.58 ஆக ஏறியது. பங்கு ஏறியதா இறங்கியதா என்று செய்தியில் சொல்லியிருக்காவிட்டாலும், பகுதியின் வளர்ச்சியையும் மொத்தத்தின் வளர்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடை தெரிந்துவிடும்.

இதுவரை வளர்ச்சியும் பங்கும் தனித்தனியாக நின்றன. குழப்பம் முற்றுவது பங்கே உயரும்போதோ குறையும்போதோதான். சதவீதத்தில் சொல்லப்பட்ட ஒன்று மாறுகிறது. அந்த மாற்றத்தையும் சதவீதத்திலேயே சொல்கிறார்கள். அரசு ஊழியர் வீடுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை எதிர்பார்க்கப்படும் அகவிலைப்படிச் செய்தி இதற்குப் பொருத்தமானது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2025 ஜனவரி முதல் அகவிலைப்படி 53 சதவீதத்திலிருந்து 55 ஆனது. “அகவிலைப்படி 2 சதவீதம் உயர்வு” என்று செய்தி வந்தது. சம்பளம் 2 சதவீதம் கூடியது என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள்.

அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அகவிலைப்படி அடிப்படைச் சம்பளத்தின் மீது கணக்கிடப்படுவது. 53 சதவீதத்தில் அது 26,500 ரூபாய். 55 சதவீதத்தில் 27,500 ரூபாய். கூடியது 1,000 ரூபாய். இந்த ஆயிரம் அடிப்படைச் சம்பளத்தில் 2 சதவீதம். பழைய அகவிலைப்படியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 3.8 சதவீத உயர்வு. அடிப்படைச் சம்பளமும் படியும் சேர்ந்த 76,500 ரூபாயோடு ஒப்பிட்டால் 1.3 சதவீத உயர்வுதான். வீட்டு வாடகைப்படி போன்றவற்றையும் சேர்த்தால் இன்னும் குறையும். ஒரே ஆயிரம் ரூபாய்க்கு மூன்று சதவீதங்கள், மூன்றும் சரி.

53 என்பது 55 ஆவதை “2 சதவீதப் புள்ளி உயர்வு” என்று எழுதினால் இந்தச் சிக்கல் வராது. இரண்டு சதவீதங்களைக் கழித்துக் கிடைப்பதுதான் சதவீதப் புள்ளி. சில நாளிதழ்கள் இப்படி எழுதுகின்றன. எல்லாரும் எழுதினால் நல்லது. அதுவரை வாசகர்தான் கவனமாக இருக்க வேண்டும். “எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு” என்ற இரண்டு எண்களும் செய்தியில் எங்காவது இருக்கும். அவற்றைத் தேடிப் பிடித்துவிட்டால் தலைப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்த அடிப்படை கைவந்த பிறகு, தமிழ்நாட்டில் ஓயாமல் நடக்கும் ஒரு வாதத்தைப் படித்துப் பார்க்கலாம். மத்திய வரிகளில் மாநிலத்துக்குக் கிடைப்பது கூடியதா, குறைந்ததா? “முன்பைவிட அதிகம் தருகிறோம்” என்று ஒரு தரப்பு சொல்கிறது. “எங்கள் பங்கை வெட்டிவிட்டார்கள்” என்று மறு தரப்பு சொல்கிறது. இருவரும் எண்களைக் காட்டுகிறார்கள். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு சித்திரம் கிடைக்கிறது.

மத்திய அரசு வசூலிக்கும் வரியில் ஒரு தொகுப்பு மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளப்படுகிறது. அதில் இரண்டு படிகள் உண்டு. தொகுப்பில் எத்தனை சதவீதம் எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்த்துப் போக வேண்டும் என்பது முதல் படி. அப்படிப் போவதில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை சதவீதம் என்பது இரண்டாம் படி. இரண்டையும் நிதிக்குழு பரிந்துரைக்கிறது. விஜய் கேல்கர் தலைமையிலான 13-ஆவது நிதிக்குழு முதல் படியில் 32 சதவீதம் என்றது. தமிழ்நாட்டுக்கு இரண்டாம் படியில் 4.969 சதவீதம். 2015 முதல் 2020 வரையிலான காலத்துக்கு ஒய்.வி.ரெட்டி தலைமையிலான 14-ஆவது குழு முதல் படியை 42 சதவீதமாக உயர்த்தியது. ஆனால் தமிழ்நாட்டின் பங்கு 4.023 ஆக இறங்கியது. (சேவை வரிக்கு மட்டும் அப்போது சற்று வேறுபட்ட விகிதம் இருந்தது, புரிந்துகொள்வதற்கு அது இங்கே தேவையில்லை.)

பகிர்வுக்குரிய வரித் தொகுப்பை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் மாநிலங்களுக்கு 320 ரூபாய். அதில் 4.969 சதவீதம், அதாவது 15 ரூபாய் 90 காசு, தமிழ்நாட்டுக்கு. புதிய முறையில் மாநிலங்களுக்கு 420 ரூபாய். அதில் 4.023 சதவீதம் என்றால் 16 ரூபாய் 90 காசு. ஆக, தொகுப்பு அதே அளவில் இருந்தாலும் தமிழ்நாட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகவே வந்திருக்கும். “அதிகம் தந்தோம்” என்பது உண்மை.

“பங்கை வெட்டினார்கள்” என்பதும் உண்மைதான். மாநிலங்களுக்கான மொத்தம் 320-லிருந்து 420 ஆனது 31 சதவீத உயர்வு. தமிழ்நாட்டுக்கு வந்தது 6 சதவீதத்தைச் சற்றே தாண்டிய உயர்வு. பழைய 4.969 சதவீதமே நீடித்திருந்தால் 20 ரூபாய் 87 காசு வந்திருக்க வேண்டும். ஏறத்தாழ நான்கு ரூபாய் வேறு மாநிலங்களுக்குப் போனது. மக்கள்தொகையில் பார்த்த அதே நிலைதான் இது: மொத்தத்தைவிட மெதுவாக வளர்ந்ததால் கைக்கு வந்தது கூடியது, பங்கு சுருங்கியது. மக்கள்தொகையோடு இதற்கு நேரடித் தொடர்பும் இருக்கிறது. அதுவரை 1971-ஆம் ஆண்டு மக்கள்தொகையை மட்டும் பார்த்த இடத்தில், 14-ஆவது குழு 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக்கும் 10 சதவீத எடை கொடுத்தது. பிறப்பு விகிதத்தை முன்கூட்டியே குறைத்த மாநிலத்துக்கு அது பாதகமான மாற்றம்.

இந்தப் பங்குச் சரிவையே இரண்டு விதமாகத் தலைப்பிடலாம். 4.969-லிருந்து 4.023 என்பது ஒரு சதவீதப் புள்ளிக்கும் குறைவு. அதே சரிவு, பழைய பங்கோடு ஒப்பிட்டால் 19 சதவீதம். சிறிதாகக் காட்ட விரும்புகிறவர் முதலாவதை எடுப்பார், பெரிதாகக் காட்ட விரும்புகிறவர் இரண்டாவதை. தலைப்பில் எது இருந்தாலும் 4.969, 4.023 என்ற இரண்டையும் உள்ளே அச்சிடும் செய்தியே நம்பத் தகுந்தது.

அடுத்த குழுவில் இது தலைகீழாக நடந்தது. என்.கே.சிங் தலைமையிலான 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குத் தமிழ்நாட்டின் பங்கை 4.079 ஆகச் சற்றே உயர்த்தியது. ஆனால் ஜம்மு காஷ்மீர் ஒன்றியப் பிரதேசமாகி இந்தப் பகிர்விலிருந்து விலகியதால் மாநிலங்களுக்கான மொத்தம் 42-லிருந்து 41 சதவீதமாக இறங்கியது. அதே 1,000 ரூபாய்க் கணக்கில் தமிழ்நாட்டுக்கு 16 ரூபாய் 72 காசு. பங்கு கூடியது; கிடைத்தது 18 காசு குறைந்தது. அந்தப் பங்கு உயர்வும்கூடப் பகிர்ந்துகொள்வோரில் ஒருவர் விலகியதால் வந்ததே.

இவ்வளவுக்கும் அடியில் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. 41 சதவீதம் என்பது எதில்? மத்திய அரசு வசூலிக்கும் மொத்த வரியில் என்று பல செய்திகள் எழுதிவிடுகின்றன. அரசியலமைப்பின் 270-ஆவது பிரிவின்படி செஸ் எனப்படும் தனித் தீர்வைகளும் கூடுதல் வரிகளும் பகிர்வுத் தொகுப்புக்குள் வராதவை. 2020 மே மாதம் பெட்ரோல் மீதான வரி லிட்டருக்கு 10 ரூபாய் உயர்ந்தது. அதில் 8 ரூபாய் சாலை, உள்கட்டமைப்பு செஸ். 2 ரூபாய் சிறப்புக் கூடுதல் கலால் வரி. மத்திய அரசின் மொத்த வசூலில் அந்தப் பத்து ரூபாயும் சேர்ந்தது. 41 சதவீதம் கணக்கிடப்படும் தொகுப்பில் அதிலிருந்து ஒரு ரூபாயும் சேரவில்லை.